தாலிகெட்டும் ஒற்றைக் கேமராவும்: இளம் ஒளிப்பதிவாளருக்கு ஒரு கடிதம்

ஒற்றைக் கேமராவுடன் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் எழுதும் படப் பட்டியலில் காட்சிகள் முதலில் இரண்டாகப் பிரிய வேண்டும்: இன்னொரு முறை செய்யச் சொல்ல முடியாதவை, செய்யச் சொல்லக் கூடியவை. தாலி வைத்த தட்டு சபையைச் சுற்றுவது, தாரை வார்ப்பது, தாலிகெட்டு, மாலை மாற்றுவது ஆகியவை முதல் வகை. முகூர்த்தப் பட்டு, வடசேரி நகை, மேடை அலங்காரம், குடும்பப் படங்கள் எல்லாம் இரண்டாம் வகை. பெரும்பாலான பட்டியல்களில் இரண்டும் நேர வரிசையில் கலந்து கிடக்கின்றன. அதனால்தான் நகையை நிதானமாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே சபைக்குப் போன தட்டு மேடைக்குத் திரும்பிவிடுகிறது.

மதுரையிலோ சென்னையிலோ எழுதிய பட்டியல் நாஞ்சில் நாட்டுக்கு அப்படியே பொருந்தாது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த பகுதி இது. மேடையில் குத்துவிளக்கோடு நிறைநாழி இருக்கும், தாலி ஏறும்போது பெண்கள் குரவையிடுவார்கள், பந்தியில் பிரதமன் வரும். சமுதாயத்துக்குச் சமுதாயம் சடங்கின் வரிசையும் மாறும். சுயமரியாதைத் திருமணம் என்றால் முக்கியக் கணமே வேறாகலாம். 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி மாலை மாற்றுவதோ மோதிரம் அணிவிப்பதோ போதும், தாலி கட்டாயமில்லை. தேவாலயத்தில் வாக்குறுதி, தாலி அல்லது மோதிரம், பதிவேட்டில் கையெழுத்து ஆகிய மூன்றும் தவறக் கூடாதவை. கேமரா எங்கே நிற்கலாம் என்பதைப் போதகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த வீடானாலும் முதல் நாளே, சடங்கை முன்னின்று நடத்தும் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து வரிசையைக் கேட்டு எழுதுவது நல்லது. மாப்பிள்ளையும் பெண்ணும் சொல்லும் வரிசை பெரும்பாலும் அரைகுறையாகவே இருக்கும். அவர்களுக்கும் அதுதானே முதல் கல்யாணம்.

பட்டியலில் கடிகார நேரம் எழுதுவதால் பெரிய பயனில்லை. பத்திரிகையில் முகூர்த்தம் 10.30 முதல் 11.30 வரை என்றிருந்தால் தாலி 10.40க்கும் ஏறலாம், 11.20க்கும் ஏறலாம். ஒவ்வொரு காட்சிக்கும் நேரே அதற்கு முன்னால் வரும் அடையாளத்தை எழுத வேண்டும். பெண் முகூர்த்தப் பட்டு வாங்கிக்கொண்டு உடுத்த உள்ளே போவது ஓர் அடையாளம். அவள் திரும்பி வரும்வரை ஒளிப்பதிவாளருக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் உண்டு; பேட்டரியும் மெமரி கார்டும் மாற்ற வேண்டியது அப்போதுதான். அடுத்த அடையாளம், தட்டு சபைக்குப் போவது. தேங்காய்மேல் வைத்த தாலியைப் பெரியவர்கள் தொட்டு வாழ்த்தும் இரண்டு மூன்று முகங்களை எடுத்ததும் மேடைக்குத் திரும்பிவிட வேண்டும். தட்டின் பின்னாலேயே கடைசி வரிசைவரை நடப்பது ஆபத்து. நல்ல முகங்கள் கிடைக்கும், ஆனால் மேடையைச் சுற்றி உறவினர் கூடிவிட்டபின் உள்ளே நுழைய வழியிருக்காது.

கடைசி அடையாளம் மேளக்காரர்களிடமிருந்து வரும். கெட்டிமேளத்துக்காக ஐயரோ பெரியவரோ கை உயர்த்துவதை நாதஸ்வரக்காரர் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் சீவாளியை வாயில் வைத்து நிமிர்ந்தாலே கணம் வந்துவிட்டது என்று அறியலாம். ஆனால் அதற்குப் பிறகு பதிவைத் தொடங்குவது தாமதம். தட்டு மேடைக்குத் திரும்பிய உடனே தொடங்கிவிட வேண்டும். சில கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தாமாகவே நின்றுவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தி, புதிதாகத் தொடங்குவதே பாதுகாப்பு.

கெட்டிமேளம் தொடங்கி மூன்றாம் முடிச்சு விழும்வரை ஏறக்குறைய அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தில் ஒரு கேமராவால் எல்லாவற்றையும் காண முடியாது. பல வீடுகளில் பெண் மாப்பிள்ளையின் வலப்புறம் உட்காருவாள். சபையிலிருந்து பார்த்தால் அது இடப்பக்கம். மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பித்தான் தாலி கட்டுவார். ஆகவே மேடைக்கு முன்னால், நடுவிலிருந்து பெண் பக்கமாகச் சாய்ந்த கோணத்தில் நின்றால் மாப்பிள்ளையின் முகமும், குனிந்த பெண்ணின் முகமும், அவள் கழுத்தின் முன் உயரும் தாலியும் ஒரே சட்டகத்தில் கிடைக்கும். மாப்பிள்ளை பக்கம் நின்றவருக்கு அவருடைய முதுகும் தோளும்தான் மிஞ்சும். மணமக்களின் இருக்கை மாறியிருந்தால் இந்தக் கணக்கும் மாறும். அதையும் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முடிச்சு விழுவது பிடரியில். அது தெரிய வேண்டுமானால் மணமக்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அங்கே மிச்ச முடிச்சைப் போட நாத்தனார் காத்திருப்பார். முகங்களை எடுத்துவிட்டு முடிச்சுக்காகப் பின்னால் ஓடுகிறவருக்கு இரண்டுமே கிடைப்பதில்லை. முடிச்சை விட்டுவிடுவது என்று பட்டியலிலேயே எழுதிவிடலாம். நாத்தனாரின் கை பெண்ணின் தோளுக்கு மேல் வருவது முன்னாலிருந்தே தெரியும், அது போதும். தோவாளைப் பூவில் கட்டிய தடித்த மாலை இன்னொரு தடை. கழுத்தை மறைக்கும் மாலையைச் சற்று விலக்கிவிடும்படி பெண்ணின் அருகே நிற்பவரிடம் முன்பே சொல்லி வைக்கலாம். கேமராவுக்கு முன்னால் ஆள் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலையையும் வீட்டு ஆள் ஒருவரிடம், மாமனோ சித்தப்பாவோ, ஒப்படைக்க வேண்டும். வெளியாள் கத்தினால் விலகாத கூட்டம் மாமன் சொன்னால் விலகும்.

கேமராவைப் பொறுத்தவரை அந்த அரை நிமிடத்துக்குமுன் மூன்று விஷயங்கள் உறுதியாக வேண்டும். ஹோமப் புகையும் அட்சதையும் குறுக்கே வரும்போது தானியங்கி ஃபோகஸ் அலைபாயும். பெண்ணின் முகத்தில் ஃபோகஸை நிறுத்திப் பூட்டிவிடுவது மேல். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் மண்டப விளக்கு பட்டைபட்டையாக நெளிவது பெரும்பாலும் குறையும். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை இருந்தால் முன்னாடியே ஒரு நிமிடம் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும்போது மைக் உடைந்து ஒலிக்கும். மேளம் சாதாரணமாக வாசிக்கும்போது ஒலி அளவு சரியாக இருப்பதாகத் தோன்றினால் கெட்டிமேளத்துக்கு அது அதிகம் என்று பொருள். இன்னும் இறக்கி வைக்க வேண்டும்.

மூன்றாம் முடிச்சு விழுந்ததும் கையைக் கேமராவிலிருந்து எடுக்கக் கூடாது. அட்சதை விழும், குரவை எழும், குங்குமம் வைப்பார்கள், பெண்ணின் தாய் கண்ணைத் துடைப்பார். தாயின் முகம் பட்டியலில் தனி வரியாக இருக்க வேண்டும். அவர் எங்கே நிற்கிறார் என்று முன்பே பார்த்து வைத்திருந்தால் நகராமல் கேமராவைத் திருப்பி மட்டும் அவரை எடுத்துவிடலாம். மாலை மாற்றுவது தாலிக்குப் பின் வரும் வீடுகளில் பதிவை நிறுத்தாமல் ஓரடி பின்வாங்கினால் இருவரும் முழு உருவமாகக் கிடைப்பார்கள். அக்னியை வலம் வரும்போதும் அம்மி மிதிக்கும்போதும் ஓட வேண்டியதில்லை. மூன்று சுற்று என்றால் முதல் சுற்றில் முகம், இரண்டாவதில் கோத்த கை, மூன்றாவதில் சபை என்று நின்ற இடத்திலிருந்தே பிரித்துக்கொள்ளலாம்.

கூட்டம் பந்திக்கு எழுந்தபிறகு இரண்டாம் வகைக் காட்சிகளுக்கு நேரம் வரும். பெண்ணின் கழுத்தில் புதுத் தாலி, நகை, மெட்டியிட்ட கால், வாடத் தொடங்காத மாலை எல்லாவற்றையும் அப்போது நிதானமாக எடுக்கலாம். முடிச்சை நெருக்கத்தில் காட்ட வேண்டுமானால் அதுவும் இப்போதுதான். பந்தியில் முதல் பந்தியைவிட மணமக்கள் உட்காரும் பந்திதான் முக்கியம். இலையில் பிரதமன் விழுவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும்.