காப்பரை ஃபெரிக் குளோரைடு கரைக்குமா? வோல்ட் கணக்குக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, தங்கச்சி, மின்வேதியியல் பாடத்தில் கணக்குப் போடுவதற்கு முன்னால் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்க. ஃபெரிக் குளோரைடு கரைசலில் காப்பர் தகட்டைப் போட்டால் என்ன ஆகும்?

"ஒண்ணும் ஆகாது, காப்பரைவிட இரும்புதான் வினைத்திறன் மிக்கது. காப்பரால் இரும்பை வெளியேற்ற முடியாது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற கடைக்குப் போனால், சர்க்யூட் போர்டு செய்வதற்கென்றே ஃபெரிக் குளோரைடு விற்பாங்க. போர்டில் வேண்டிய கோடுகளை மட்டும் மையால் மூடிவிட்டு அந்தப் பழுப்புக் கரைசலில் போட்டால், மூடாத இடத்தில் இருக்கும் காப்பர் முழுக்கக் கரைந்து போய்விடும். வினைத்திறன் வரிசையும் சரி, கடைக்காரரும் சரி. கேள்வியை நாம் படித்த விதம்தான் தப்பு.

அதனால் முதல் டிப்ஸ்: அட்டவணையைத் தொடுவதற்கு முன்னால், பீக்கரில் உண்மையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக்கோ. இங்கே இருப்பது Cu உலோகமும் Fe³⁺ அயனியும். இரும்பு உலோகம் இல்லவே இல்லை. இப்போது அட்டவணையைப் பார்த்தால் Fe³⁺இல் தொடங்கும் வரிகள் இரண்டு இருக்கும். Fe³⁺ ஓர் எலெக்ட்ரானை வாங்கி Fe²⁺ ஆவது +0.77 வோல்ட். மூன்று எலெக்ட்ரான் வாங்கி இரும்பாகவே மாறுவது −0.04 வோல்ட். காப்பருக்கு, Cu²⁺ இரண்டு எலெக்ட்ரான் வாங்கி Cu ஆவது +0.34 வோல்ட். "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவங்க மனசுக்குள் எடுத்தது இரண்டாவது வரியை. இரும்பு படியாது என்பது உண்மைதான். ஆனால் முதல் வரி காப்பருக்கு மேலே இருக்கிறதே!

அடுத்தது குறி. மதிப்பெண் அதிகமாகப் போவது இங்கேதான். அட்டவணையில் இருப்பது எல்லாமே ஒடுக்க மின்னழுத்தம். இதற்கு ஒரே வழியைப் பிடித்துக்கோ:

E°கலம் = E°கேத்தோடு − E°ஆனோடு

கேத்தோடில் ஒடுக்கம், ஆனோடில் ஆக்சிஜனேற்றம். இரண்டு எண்ணையும் அட்டவணையில் உள்ள குறியோடு அப்படியே போடு. சில பேர் ஆனோடு வினையைத் திருப்பி எழுதி, எண்ணின் குறியையும் மாற்றிவிட்டு, பிறகு இந்தச் சூத்திரத்தில் கழிக்கவும் செய்வாங்க. அப்படிச் செய்தால் ஒரே எண்ணை இரண்டு தடவை திருப்பியதாகிவிடும். நம் கணக்கில் காப்பர்தான் எலெக்ட்ரானைக் கொடுக்கிறது, அதனால் அதுதான் ஆனோடு. 0.77 − 0.34 = 0.43 வோல்ட். நேர்க்குறி வந்ததால் வினை தன்னிச்சையாக நடக்கும். இதே இடத்தில் −0.04ஐப் போட்டிருந்தால் −0.38 வந்திருக்கும்.

இப்போது சமன்பாட்டைச் சமன் செய். காப்பர் இரண்டு எலெக்ட்ரான் கொடுக்கிறது, Fe³⁺ ஒன்றுதான் வாங்குகிறது. அதனால்

2Fe³⁺ + Cu → 2Fe²⁺ + Cu²⁺

இரும்பு அரைவினையை இரண்டால் பெருக்கினோம். 0.77ஐ மட்டும் பெருக்காதே. மாடித் தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் இறங்கினாலும் இரண்டு குடம் இறங்கினாலும் தொட்டியின் உயரம் ஒன்றுதான். வோல்ட் அந்த உயரம் மாதிரி. எத்தனை எலெக்ட்ரான் இறங்கியது என்ற கணக்கு கட்டிலா ஆற்றலுக்குப் போகும்: ΔG° = −nFE°. இங்கே n = 2, F = 96500 கூலும், E° = 0.43. பெருக்கினால் ஏறத்தாழ −83 கிலோஜூல். இதே வினையை ஒரு Fe³⁺க்கு அரை Cu என்று எழுதினால் n ஒன்றாகி, −41.5 கிலோஜூல் வரும். வோல்ட் மட்டும் அதே 0.43.

இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால், பலரைக் குழப்பும் இன்னொரு கணக்கும் தானாக வந்துவிடும். Fe³⁺/Fe²⁺ 0.77, Fe²⁺/Fe −0.44. இரண்டையும் கூட்டினால் 0.33. ஆனால் Fe³⁺/Fe என்பதற்கு அட்டவணையில் −0.04 இருக்கிறதே, ஏன்? ஓர் அரைவினையோடு இன்னோர் அரைவினையைச் சேர்த்து மூன்றாவது அரைவினை செய்யும்போது வோல்ட்டைக் கூட்டக் கூடாது, ஆற்றலைத்தான் கூட்டணும். அதாவது nE°. ஒரு எலெக்ட்ரான் × 0.77 = 0.77. இரண்டு எலெக்ட்ரான் × −0.44 = −0.88. கூட்டினால் −0.11. மொத்தம் மூன்று எலெக்ட்ரான் என்பதால் மூன்றால் வகு: −0.037. அதைத்தான் −0.04 என்று போட்டிருக்காங்க. முழுக் கலத்தில் மட்டும் நேரடியாகக் கழிக்க முடிவதற்குக் காரணம், அங்கே கொடுத்த எலெக்ட்ரானும் வாங்கிய எலெக்ட்ரானும் ஒரே எண்ணிக்கை, n அடிபட்டுப் போய்விடும்.

இந்த 0.43 வோல்ட்டை ஆய்வகத்தில் அளக்க ஆசைப்பட்டால் ஒன்றைக் கவனி. ஒரு பக்கம் காப்பர் சல்பேட் கரைசலில் காப்பர் தகடு, சரி. மறுபக்கம் Fe³⁺, Fe²⁺ இரண்டும் கலந்த கரைசல். அதில் இரும்புக் கம்பியை வைக்கத் தோன்றும், வைக்காதே. அங்கே எலெக்ட்ரானைக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும் ஒரு கடத்தி வேண்டும், அது வினையில் சேரக் கூடாது. பிளாட்டினம் கம்பிதான் அதற்கு. பள்ளிக்கூடத்தில் கிராஃபைட் குச்சி போதும். இடையில் உப்புப் பாலம். மல்டிமீட்டரின் சிவப்பு முனை கிராஃபைட்டில், கறுப்பு முனை காப்பரில். மைனஸ் காட்டினால் முனைகளை மாற்றி வைத்துவிட்டாய் என்று அர்த்தம். 0.43 அச்சாக வராது, பதறாதே. அந்த எண் எல்லா அயனிகளும் 1 மோலார் செறிவில், 25 டிகிரியில் இருக்கும் நிலைக்கு உரியது. குளோரைடு இருந்தால் Fe³⁺ அதோடு பிணைந்து அணைவாகி, எண் இன்னும் கொஞ்சம் நகரும்.

நேர்க்குறி சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: வேகம். அலுமினியத்துக்கு −1.66 வோல்ட். கணக்குப்படி தண்ணீரிலேயே ஹைட்ரஜனைக் கிளப்பணும். அதன் மேல் இருக்கும் ஆக்சைடு படலம் தடுப்பதால்தான் அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைக்கிறோம். அதனால் விடையில் "வினை தன்னிச்சையானது" என்று எழுது, "வேகமாக நடக்கும்" என்று எழுதாதே.

கடைசியாக, நீயே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. போர்டைக் கரைத்து முடித்த கரைசலில் கொஞ்சம் Fe³⁺ மிச்சம் இருக்கும், Cu²⁺ நிறைய இருக்கும். அதில் ஓர் இரும்பாணியைப் போடுகிறோம். இரும்பும் Fe³⁺ம் சேர்ந்து Fe²⁺ ஆவதற்கு 0.77 − (−0.44) = 1.21 வோல்ட். இரும்பு Cu²⁺ஐக் காப்பராகப் படிய வைப்பதற்கு 0.34 − (−0.44) = 0.78 வோல்ட். இரண்டுமே நேர்க்குறிதான். ஆனால் ஆணியில் காப்பர் படிந்தாலும், Fe³⁺ மிச்சம் இருக்கும்வரை அது அந்தக் காப்பரைத் திரும்பக் கரைத்துவிடும். அந்த 0.43 வோல்ட் வினை இன்னும் உயிரோடுதானே இருக்கிறது! Fe³⁺ தீர்ந்த பிறகுதான் செந்நிறக் காப்பர் ஆணியில் நிலைத்து நிற்கும். ஃபெரிக் குளோரைடை இரும்பு டப்பாவில் ஊற்றாமல் பிளாஸ்டிக் பாட்டிலில் வைப்பதற்கும் அந்த 1.21தான் காரணம்.