எண்ணெய் டாங்கர் லாரிகளைச் சுத்தி செய்தலும் வழிச்சேதத்தை அளத்தலும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், வேலூரைக் கடந்து ஆம்பூருக்கு முன்னதாகப் பாலாற்றங்கரையை அடுத்து மாதனூர் உள்ளது. துறைமுகத்தில் இறங்கும் பாமோலினும், சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வரும் சூரியகாந்தி எண்ணெயும் இவ்வழியே டாங்கர் லாரிகளில் மேற்கு நோக்கிச் செல்கின்றன. சுற்றுப்புறத்து நிலக்கடலை எண்ணெயும் மொத்தமாக அனுப்பப்படுங்கால் இவ்வகை லாரிகளிலேயே ஏறுகிறது. இதே சாலையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் ஆலைகளுக்கு வேண்டிய திரவச் சரக்குகளும் போகின்றன. வெளித் தோற்றத்தில் இரண்டு வகை லாரிகளும் ஒன்றுபோலவே இருப்பதால், சரக்கு ஏற்றுவோர் ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டிய முதற் கேள்வி, இந்தத் தொட்டியில் இதற்குமுன் இருந்தது யாது என்பதே.

இக்கேள்வியைக் கேளாது விட்டதன் பயன் 2024ஆம் ஆண்டு சீன தேசத்தில் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் பெய்ஜிங் நகரத்துப் பத்திரிகை ஒன்று ஒரு டாங்கர் லாரியைப் பின்தொடர்ந்து சென்று செய்தி வெளியிட்டது. நிலக்கரியிலிருந்து வடிக்கப்பட்ட எரியெண்ணெயை அந்த லாரி மேற்கேயுள்ள நிங்சியாவிலிருந்து கொண்டுவந்து கடற்கரைப் பகுதியில் இறக்கியது. பின்னர்த் தொட்டியைக் கழுவாமலே வேறோர் ஆலைக்குச் சென்று சமையல் எண்ணெயை நிரப்பிக்கொண்டு புறப்பட்டது. கழுவும் கூலியை மிச்சப்படுத்துவதே நோக்கம். திரும்பும் வழியில் வெறும் வண்டியாக வரக்கூடாதென்னும் ஆசையும் உடன் சேர்ந்தது. மொத்த எண்ணெயை ஏற்றிச் செல்வதற்கென அத்தேசத்தில் 2013ஆம் ஆண்டிலேயே விதிமுறை ஒன்று எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அது சிபாரிசாக மட்டும் இருந்ததேயன்றிக் கட்டாயமாக இல்லை. ஏற்றுமிடத்தில் இருந்தவர்கள் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்திருப்பின் வாசனையே விஷயத்தைச் சொல்லியிருக்கும்.

தோல் ஆலைப் பிரதேசத்தில் இவ்வபாயம் வேறொரு வடிவம் கொள்கிறது. மண்ணெண்ணெய்க்கு மணமுண்டு, அமிலம் கையைச் சுடும். ஆனால் தோலை மிருதுவாக்க ஆலைகளில் உபயோகிக்கும் ‘பேட் லிக்கர்’ என்பது தானும் ஓர் எண்ணெயே. மீன் எண்ணெய் முதலியவற்றைக் கந்தகாமிலம் போன்றவற்றுடன் வினைபுரியச் செய்து, தண்ணீருடன் கலந்து பால்போல் ஆகும்படி அது தயாரிக்கப்படுகிறது. பார்வைக்குப் பழுப்பான எண்ணெயாகத் தோன்றுவதால், “முன்பும் எண்ணெய்தான் ஏற்றினோம்” என்று டிரைவர் கூறுவது ஒருவகையில் பொய்யுமன்று. ஆகையால் பதில் ‘எண்ணெய்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடலாகாது. சரக்கின் பெயர், ஏற்றிய இடம், இறக்கிய இடம், தேதி ஆகியவை கடைசி மூன்று நடைகளுக்கும் லாரியின் குறிப்புப் புத்தகத்தில் இருத்தல் வேண்டும். உண்ணும் எண்ணெயை மொத்தமாகக் கொண்டுசெல்வது பற்றிய சர்வதேச உணவு நெறியிலும் மூன்று முந்தைய சரக்குகளைப் பற்றிய பதிவு கோரப்படுகிறது. புத்தகம் இல்லாத வண்டியை, எவ்வளவு நன்றாகக் கழுவியிருப்பினும், திருப்பி அனுப்புவதே உத்தமம். சில பொருள்களின் மிச்சத்தை எக்கழுவலாலும் முற்றிலும் நீக்கியதாக உறுதி கூற இயலாது.

கழுவும் முறை

முந்தைய சரக்கும் உண்ணும் எண்ணெயே என்று தெரிந்தபின் கழுவுதல் தொடங்கும். முதலில் அடிவால்வைத் திறந்து, லாரியை வால்வுப் பக்கம் சற்றுத் தாழ்வாக நிறுத்தி, எஞ்சியதை முழுதும் வடியவிட வேண்டும். பாமோலின் போன்றவற்றை ஏற்றிய தொட்டியில் முதன்முதல் குளிர்ந்த நீரைப் பாய்ச்சுவது பெருந்தவறு. எண்ணெய் உறைந்து மெழுகுபோல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் வெந்நீரும் அதை அசைக்கப் பாடுபடும். ஆகவே வெந்நீரே முதலில் செல்லவேண்டும். அடுத்துக் காஸ்டிக் சோடா அல்லது அதற்கெனத் தயாரித்த கழுவு மருந்தைக் கரைத்த நீரைச் சுமார் 70 முதல் 80 டிகிரி சென்டிகிரேட் சூட்டில், தொட்டியினுள் தொங்கவிடும் சுழல் தெளிப்பான் வழியே நாற்புறமும் அடிக்க வேண்டும். சூரியகாந்தி, சோயா முதலிய எண்ணெய்கள் நாளடைவில் காற்றுப்பட்டு வார்னிஷ்போல் காய்ந்த படலமாகிவிடும். அப்படலம் வெறும் வெந்நீருக்கு இளகாது. அதனாலேயே காரம் தேவைப்படுகிறது. பின்னர் காரம் சிறிதும் எஞ்சாதபடி மீண்டும் வெந்நீர். அதன்பின் சூடான காற்றைச் செலுத்தி உலர்த்துதல்.

உலர்த்துதலைப் பலர் அலட்சியமாகக் கருதுகின்றனர். அடியில் தங்கிய ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அதன் புளிப்பை, அதாவது விடுபட்ட கொழுப்பு அமிலத்தை, ஏற்றிவிடும். வடிகட்டாத நிலக்கடலை எண்ணெயில் இது இன்னும் விரைவு.

கழுவிய தொட்டியைப் பார்வையிடுவோர் பெரும்பாலும் மேல்வாயில் விளக்கைப் பிடித்துச் சுவர்களைப் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். குற்றம் ஒளிந்திருப்பது சுவரில் அன்று. அடிவால்வின் உட்புறம், மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், இறைக்கும் பம்பு, லாரியின் பக்கவாட்டில் கட்டிவைத்திருக்கும் ஹோஸ் குழாய் ஆகிய நான்கிடங்களிலேயே பழைய சரக்கு தங்குகிறது. ரப்பர் வளையம் மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தொட்டி பளபளப்பாக இருந்தும் வளையத்தை முகர்ந்தால் மீன் வாடை வருமாயின் பேட் லிக்கர் அல்லது மீன் எண்ணெய் ஏறியதென்று சந்தேகிக்கலாம். வெள்ளைத் துணியால் வால்வின் உட்புறத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக வடிந்த கழுவுநீரைச் சிவப்பு லிட்மஸ் தாளில் தொட்டால், அது நீலமாக மாறுவதிலிருந்து காரம் எஞ்சியிருப்பது தெரியும். அந்நீரைச் சீசாவில் இட்டுக் குலுக்கினால் பால்போல் வெளுத்து நெடுநேரம் தெளியாதிருப்பின், சோப்போ பேட் லிக்கரோ இன்னும் உள்ளது என்று கொள்ளலாம். பித்தளை, செம்பு ஆகியவற்றாலான வால்வு உள்ள வண்டியும் வேண்டாம். அவ்வுலோகங்கள் எண்ணெய் காறுவதைத் துரிதப்படுத்தும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. துடைப்பதற்கென்று கிளீனரைத் தொட்டிக்குள் இறக்குவது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. மூடிய தொட்டிக்குள் பிராணவாயு குறைந்திருக்கலாம். முந்தைய சரக்கின் ஆவியும் நிற்கலாம். உள்ளே மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவதே இத்தகைய விபத்துக்களின் இயல்பு. காற்றை அளவுகருவியால் சோதித்து, வெளியே கயிறு பிடித்த ஆள் ஒருவர் இருந்தாலன்றி எவரையும் இறக்கலாகாது.

எண்ணெய் ஏறியபின் மேல், நடு, அடி மூன்று மட்டங்களிலிருந்தும் மாதிரி எடுத்துச் சீசாக்களில் முத்திரையிட்டு, ஏற்றுபவர், லாரிக்காரர், பெறுபவர் மூவருக்கும் ஒவ்வொன்று தரவேண்டும். தாது எண்ணெய் கலந்ததா என்று அறியச் சிறிய ஆய்வுக்கூடத்திலேயே செய்யத்தக்க பழைய சோதனை ஒன்றுண்டு. சிறிதளவு எண்ணெயைச் சாராயத்தில் கரைத்த பொட்டாஷ் காரத்துடன் காய்ச்சி, முழுதும் சோப்பானபின் வெந்நீர் சேர்க்கவேண்டும். உண்ணும் எண்ணெய் மட்டுமாயின் கலவை தெளிவாயிருக்கும். தாது எண்ணெய் காரத்தோடு சேராதாகையால் கலங்கலாகத் தோன்றும். எனினும் மிகச் சிறிய அளவுக் கலப்பை இது காட்டாது. தெளிவாக இருந்ததைக்கொண்டு கழுவாத வண்டியை நியாயப்படுத்துதல் கூடாது.

குறைவு எங்கே போயிற்று?

வழிச்சேதத்தைப் பற்றிய சச்சரவுகளில் பாதி, எண்ணெயை லிட்டரில் கணக்கிடுவதனால் விளைகின்றன. எண்ணெய் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். உதாரணமாக 25,040 கிலோ பாமோலின் 40 டிகிரியில் ஏற்றப்பட்டதாகக் கொள்ளலாம். அப்பொழுது லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 0.897 கிலோ நிறையாதலால் அளவு 27,915 லிட்டர். இரவெல்லாம் மலைப்பாதையில் ஏறிப் பெங்களூர் சேரும்போது எண்ணெய் 28 டிகிரிக்கு ஆறியிருந்தால், லிட்டர் ஒன்றுக்கு 0.9052 கிலோவாகி, அளவுகோல் 27,662 லிட்டரையே காட்டும். ஒரு சொட்டும் வெளியேறாமல் 253 லிட்டர் “காணாமற்” போய்விடும். ஆகவே கணக்கு எடையில் இருத்தல் வேண்டும். அளவுகோலால் பார்ப்பதாயின் சூட்டையும் உடன் குறித்தல் வேண்டும்.

எடையிலும் ஒரு கண்ணி உண்டு. அதே லாரி சென்னையில் காலியாக 15,200 கிலோ, சுமையுடன் 40,240 கிலோ காட்டியது என்க. பெங்களூரில் சுமையுடன் 40,150 கிலோ. பெறுபவர் இவ்விரண்டு சுமை எடைகளை மட்டும் ஒப்பிட்டு 90 கிலோ குறைகிறதென்று டிரைவரின் கூலியில் பிடித்தம் செய்யப் புறப்படுவார். ஆனால் வழியில் சுமார் 90 லிட்டர் டீசல் எரிந்திருக்கிறது; அதன் நிறை 75 கிலோ. எஞ்சிய வித்தியாசம் 15 கிலோவே. இரண்டு ஊர் எடைமேடைகளும் பத்துப் பத்துக் கிலோவாகப் படிப்பவையாதலால், இவ்வளவு வேற்றுமை எடைமேடைகளினாலேயே ஏற்படக்கூடும்.

இறக்கியபின் காலி லாரி 15,170 கிலோ காட்டியது. இறங்கிய நிகர எடை 24,980. ஏற்றியதைவிட 60 கிலோ குறைவு. நூற்றுக்குக் கால் பங்கிற்குச் சற்றே உட்பட்டது. இக்குறைவை இனிப் பிரித்துப் பார்க்கலாம். டீசல் எரிந்ததைக் கழித்தால் காலி லாரி 15,125 கிலோ இருக்கவேண்டும். 45 கிலோ அதிகம் இருப்பதால் அவ்வளவு எண்ணெய் இறங்காமல் தொட்டியிலேயே தங்கியிருக்கிறது. ஆறிய பாமோலின் சுவரிலும் அடியிலும் ஒட்டியிருந்ததே காரணம். லாரியைச் சாய்த்து நிறுத்தி இன்னும் கால்மணி நேரம் வடியவிட்டிருப்பின் அதில் பெரும்பகுதி இறங்கியிருக்கும். இவ்வாறு 45ம் 15ம் சேர்ந்து 60 ஆகிறது. திருட்டுக்கு இடமே இல்லை. வழியில் டீசல் நிரப்பியிருந்தால் அதன் ரசீதைக் காட்டவேண்டும். இல்லையேல் இக்கணக்கு முழுதும் குலைந்துபோம். சென்னையில் சுமை எடை எடுக்கும்போது வண்டியில் அமர்ந்திருந்த கிளீனர், காலி எடையின்போதும் அமர்ந்திருந்தாரா என்பதும் கவனிக்கத்தக்கது. ஓர் ஆளின் எடை 60 கிலோவுக்குக் குறையாதல்லவா!

எடை சரியாயிருப்பது மட்டும் போதாது. எண்ணெயை வழியில் இறக்கிக்கொண்டு அதே நிறைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் எடைமேடை அதை அறியாது. நீர் கனமானதாகையால் அடியில் தங்கும். ஆதலின் இறக்குமுன் அளவுகோலின் நுனியில் நீர் காட்டும் பசையைப் பூசி அடிவரை விட்டுப் பார்ப்பதுடன், அடிவால்வைச் சிறிது திறந்து முதலில் வருவதைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சில நிமிஷம் தெளியவிட வேண்டும். குவளையின் அடியில் நீர்க்கோடு தோன்றினால் அங்கேயே இறக்குதலை நிறுத்தி, மேல்மூடி முத்திரையின் எண்ணையும் அடிவால்வு முத்திரையின் எண்ணையும் ஏற்றிய இடத்துச் சீட்டோடு ஒப்பிட்டு, லாரிக்காரர் முன்னிலையிலேயே மாதிரி எடுத்தல் வேண்டும். எண்ணெய் பெரிய தொட்டியில் பழைய சரக்கோடு கலந்தபின் எழுப்பப்படும் புகாருக்குச் சான்று இராது.