வானத்தில் விழும் படிகள்



கிணத்துக்கடவு பொன்மலை வேலாயுதசுவாமி கோயிலைப் பின்னணியாக வைத்து மாலையில் எடுக்கப்படும் திருமணப் படங்களில், ஒளி மேற்கே சாயும் வேளையில், வானம் உச்சியில் ஆழ்ந்த நீலமாகத் தொடங்கி அடிவானத்தில் வெளிறிய செம்மஞ்சளாக முடிகிறது. ஆல்பத்துக்காக அந்த வானத்தின் நிறத்தை அழுத்தமாக ஏற்றியதும், சீராக இருந்த மாற்றம் உடைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக நிறப் பட்டைகள் தெரியத் தொடங்குகின்றன. இதைத் தொழிலில் பேண்டிங் என்பர்.

காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. எட்டு பிட் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகளே உண்டு. உச்சியிலிருந்து அடிவானம் வரை 2,400 பிக்சல் உயரத்தில் நீலத்தின் மதிப்பு 150இலிருந்து 190 வரை மட்டுமே நகர்கிறது என்று கொண்டால், ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 60 பிக்சல் அகலம் பெறுகிறது. அதன்மேல் கர்வ்ஸ் கொண்டு மாறுபாட்டை இரட்டித்தால் வீச்சு 80 ஆகிறதே தவிர, இடையில் புதிய மதிப்புகள் பிறப்பதில்லை. படிகள் இரண்டிரண்டாகத் தாவுகின்றன, கண் அவற்றின் விளிம்பைப் பிடித்துவிடுகிறது. ஹிஸ்டோகிராம் சீப்பின் பற்களைப்போல் இடைவெளி விட்டு நிற்பது இதற்கான அடையாளம்.

கேமராவின் இயல்பான நாய்ஸ், அதாவது பிக்சலுக்குப் பிக்சல் மாறும் நுண்ணிய ஏற்ற இறக்கம், இந்த விளிம்புகளைப் பெரும்பாலும் மறைத்துவிடும். ஆனால் ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகையில், முதலில் தூக்கி எறிவது இந்த நுண்ணிய மாற்றத்தைத்தான். வானத்தில் பல கட்டங்களுக்குச் சராசரி மதிப்பு மட்டுமே மிஞ்சுகிறது. ஜேபெக்கின் வழக்கமான குவாண்டைசேஷன் அட்டவணையின்படி தர அளவு 50இல் அந்தச் சராசரியின் ஒளி அளவும் இரண்டு படிகளுக்கு ஒருமுறையே மாற முடிகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பப்பட்டுத் திரும்பி வந்த கோப்பில் வானம் கட்டம் கட்டமாகத் தெரிவது இதனால்தான்.

திருத்தத் தொடங்குமுன் குறை கோப்பில் உள்ளதா திரையில் உள்ளதா என்று தெளிந்துகொள்வது நல்லது. ஃபோட்டோஷாப்பில் படத்தை 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்; சுருங்கிய காட்சியில் தெரியும் பட்டை அப்போது மறைந்தால், கோப்பில் கைவைக்கத் தேவையில்லை. ரா கோப்பு இருந்தால் அதுவே சிறந்த மருந்து: 12 அல்லது 14 பிட்டில் பதிவான அதனை 16 பிட்டாகத் திறந்து நிறத்தை ஏற்றினால், இடைமதிப்புகள் உண்மையாகவே அங்கு இருக்கும்.

ஜேபெக் மட்டுமே கையில் இருக்கும்போது வரிசை மிக முக்கியம். முதலில் Image > Mode > 16 Bits/Channel என்று மாற்ற வேண்டும். இதனால் மட்டும் எதுவும் சீராவதில்லை, ஆனால் அடுத்து வரும் மங்கலாக்கம் உண்டாக்கும் இடைமதிப்புகள் தங்க இடம் கிடைக்கிறது. பிறகு வானத்தைத் தனி லேயராகப் பிரித்து, கோபுரமும் தென்னையும் இருந்த இடத்தை அருகிலுள்ள வான நிறத்தால் நிரப்பிய பின்னரே Gaussian Blur இட வேண்டும். நிரப்பாமல் மங்கலாக்கினால் மட்டையின் கருமை வானத்துக்குள் கசிந்து, மரத்தைச் சுற்றி அழுக்கு வளையமாக நிற்கும். மேலே கண்ட எடுத்துக்காட்டில் படியின் அகலம் 60 பிக்சல் என்பதால், மங்கலின் ஆரமும் அதை ஒட்டியே இருக்க வேண்டும். ஐந்து, பத்து என்று வைத்தால் விளிம்பு மெலியுமே தவிரப் பட்டை போகாது. இறுதியில் மாஸ்க் கொண்டு பழைய முன்னணியை மீட்கலாம். கீற்றுகளுக்கு இடையே தெரியும் சிறு வானத் துண்டுகளை விட்டுவிடுவதே நலம், அங்கே பட்டை கண்ணுக்குப் புலப்படாது.

இத்தோடு நிறுத்துவதே பலர் செய்யும் பிழை. வழவழப்பான அந்த வானம் எட்டு பிட்டுக்குத் திரும்பும்போது மீண்டும் படிகளாக முழுமையாக்கப்படுகிறது. முழுமையாக்குவதற்கு முன்பே சிறிது ஒழுங்கற்ற மாற்றத்தைச் சேர்த்தால் படிவிளிம்புகள் கலைந்துபோகும் என்பதை 1962இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் தொலைக்காட்சிப் படங்களை வைத்து விளக்கினார்; இதற்கு டித்தரிங் என்று பெயர். ஆகவே 16 பிட்டில் இருக்கும்போதே Add Noise கொண்டு, Gaussian, Monochromatic இரண்டையும் தேர்ந்து, ஒரு விழுக்காடு அளவில் தொடங்கி, தேவையானால் இரண்டு வரை செல்லலாம். படத்தின் அளவைக் குறைப்பதாக இருந்தால் அதை முன்னரே செய்துவிட வேண்டும், ஏனெனில் சுருக்கும்போது நாய்ஸ் சராசரியாகிக் கரைந்துவிடும்.

சூரியனைச் சுற்றி 255ஐத் தொட்டு வெளுத்துப்போன பகுதிக்கு இம்முறை எதையும் மீட்டுத் தராது. சேமிக்கும்போது ஜேபெக் தரத்தைக் குறைத்தால், சேர்த்த நாய்ஸை அது மீண்டும் அழித்துவிடும். எனவே அச்சகத்துக்கான கோப்பை உயர்ந்த தரத்தில் சேமித்து, வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் படமாக அல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புக. ஆல்பம் வீட்டாரிடம் சேரும்வரை ரா கோப்பை அழிக்காதிருக்க.