கதையில் வரும் நிகழ்காலம்

பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். அவ்வூர்ப் பூட்டைக் குறித்து ஒரு வேடிக்கைக் கதையைக் கேட்போர் நகைக்குமாறு ஒருவர் கூறுகின்றார் என்று கொள்க.

"சிற்றூரான் ஒருவன் திண்டுக்கல்லுக்கு வந்து மாங்காய்ப் பூட்டு ஒன்று வாங்கினான். 'இதை எந்தத் திருடனாலும் திறக்க முடியாது' என்று கடைக்காரர் உறுதி கூறினார். மறுநாள் பொழுது விடிகிறது. அவன் மூச்சு இரைக்க ஓடி வந்து கடை முன் நிற்கிறான். 'என்னப்பா, திருடன் வந்தானா?' என்று கடைக்காரர் கேட்கிறார். 'இல்லை ஐயா, சாவி கிணற்றில் விழுந்துவிட்டது. நல்ல திருடன் ஒருவன் இருந்தால் அனுப்புங்கள்' என்கிறான் அவன்."

இக்கதையில் நிகழ்ந்தன யாவும் முன்னரே நிகழ்ந்து முடிந்தவை. ஆயினும் முதலிரு தொடர்களில் மட்டுமே 'வாங்கினான், கூறினார்' என இறந்தகாலம் வந்துளது. பின்னர் 'விடிகிறது, நிற்கிறான், கேட்கிறார், என்கிறான்' என நான்கு வினைகளும் நிகழ்கால இடைநிலை பெற்று நின்றன. கதை கூறுபவர் இலக்கணம் அறியாமல் தவறிவிட்டாரா? அன்று. கதைக்கு வேண்டிய முன்செய்தியை இறந்தகாலத்தில் சுருங்க முடித்துவிட்டு, கேட்போரைக் கடை வாசலிலேயே கொண்டு நிறுத்துகின்றார். அங்கு நின்றபின் யாவும் கண்முன் நடப்பனவே அல்லவா?

இவ்வாறு ஒரு காலத்திற்கு உரிய சொல் மற்றொரு காலத்திற்கு வருவது காலவழு எனப்படும். தக்க காரணம் இருப்பின் அதனையே வழுவன்று என ஏற்றுக்கொள்வது காலவழுவமைதி ஆகும். தொல்காப்பியர் வினையியலின் இறுதியில் இதனைப் பேசுகின்றார். இறந்தகாலமும் எதிர்காலமும் தம்முள் மயங்கும் என்று கூறியபின், எஞ்சிய நிகழ்காலம் மயங்குவதையும் ஆன்றோர் விலக்கமாட்டார் என்று அவர் சேர்த்துரைப்பது நோக்கத்தக்கது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இம்மயக்கத்திற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என நான்கு காரணங்களைப் பொதுவியலில் கூறினார். உண்டுகொண்டிருப்பவன், அழைக்கும் தோழனிடம் 'இதோ வந்துவிட்டேன்' என்பது விரைவு. எறும்புகள் முட்டையைச் சுமந்து மேட்டில் ஏறக் கண்டவர் 'மழை பெய்தது என்றே கொள்' என்பது தெளிவு. கதை கூறுவோர் சென்ற செய்தியை நிகழ்வது போலக் கூறுவதோ, சிறப்பான காரணம் ஒன்றும் வேண்டாது வழக்கினால் அமைவது. ஆதலின் அதனை இயல்பு என்பதன்பால் அடக்குதல் பொருந்தும். வடமொழியிலும் நிகழ்கால வினையோடு 'ஸ்ம' என்னும் இடைச்சொல்லைச் சேர்த்துச் சென்றகாலப் பொருளை உணர்த்தும் வழக்கு உண்டு. தமிழுக்கு அத்தகைய துணைச்சொல்லும் வேண்டுவதில்லை.

வேண்டாமைக்குக் காரணம் தமிழ்த் தொடரின் அமைப்பிலேயே உளது. 'ஓடி வந்து கடை முன் நிற்கிறான்' என்னும் தொடரில் வினைகள் மூன்று. அவற்றுள் காலத்தை அறுதியிட்டுக் காட்டுவது இறுதியில் நிற்கும் முற்றுவினை ஒன்றே. 'ஓடி, வந்து' என்னும் எச்சங்கள் இறந்தகால வடிவின எனினும், அவை நிற்றலுக்கு முற்பட்ட செயல்கள் என்பதனை மட்டுமே உணர்த்துகின்றன. ஆகவே முற்றினை மாற்றினால் தொடர் முழுவதும் காலம் மாறிவிடுகிறது. இதனை உணராத மாணவர் சிலர், 'ஓடி வந்து என்பது இறந்தகாலம். நிற்கிறான் என்பது நிகழ்காலம். இரண்டும் முரண்படுகின்றன' என்று பிழை காண்பர். அங்கு முரண் ஏதும் இல்லை.

இனி, விளையாட்டு வருணனை. திண்டுக்கல்லை அடுத்த நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரித் திடலில் 2016ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு பிரிமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் நடைபெற்றுள்ளன. அத்தகைய ஆட்டமொன்றினை நேர்முகமாக வருணிப்பவர், 'பந்துவீச்சாளர் ஓடி வருகிறார், வீசுகிறார், மட்டையாளர் தூக்கி அடிக்கிறார், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது!' என்பார். இங்கு வருகின்ற நிகழ்காலமும் கதையில் வந்த நிகழ்காலமும் ஒன்றெனக் கருதுவோர் பலர். உண்மையில் இவை வேறு. வருணிப்பவர் கூறும்போதே செயலும் நிகழ்கின்றது. ஆதலின் அது காலவழுவே அன்று. வழுவே இல்லாதவிடத்து வழுவமைதி எங்ஙனம் வரும்? 'தாண்டியது' என அவர் முடித்ததும் தடுமாற்றம் அன்று. ஓட்டமும் வீச்சும் நிகழ்ந்துகொண்டிருந்தவை. எல்லையைத் தாண்டுதல் முடிந்துவிட்ட பயன். நடப்பதற்கு நிகழ்காலமும், முடிந்ததற்கு இறந்தகாலமும் தந்து அவர் செம்மையாகவே பேசினார்.

ஆனால் அவ்வடியினையே தொலைக்காட்சியில் மீண்டும் காட்டுங்கால், 'இதோ பாருங்கள், பந்து மட்டையின் நடுவில் படுகிறது' என்று அவரே கூறுவாராயின், அது முடிந்த செயலை நிகழ்வதாகக் கூறும் வழுவமைதி ஆகிவிடும். சொல் ஒன்றே, காரணம் மாறிவிட்டது. மறுநாள் செய்தித்தாளில் அவ்வாட்டத்தைக் குறித்து எழுதுவோர் 'வென்றது' என்றே எழுதவேண்டும். ஆங்கிலச் செய்தித்தாள்கள் முடிந்த செய்திக்கும் தலைப்பில் நிகழ்கால வினை தரும் வழக்கம் உடையன. அதனைப் பார்த்துத் தமிழிலும் 'திண்டுக்கல் அணி வெல்கிறது' என்று எழுதினால், படிப்பவர் ஆட்டம் இன்னும் முடியவில்லை போலும் என்று மயங்குவர்.

நாடகத்திலோ நிலை மற்றொன்று. நாடக நூல்களில் அடைப்புக்குறிக்குள், 'அரசன் வருகிறான். அமைச்சர் எழுந்து வணங்குகிறார்' என்று குறிப்புகள் காணப்படும். அவ்வரசன் எப்பொழுது வருகின்றான்? நூலாசிரியர் எழுதிய நாளிலா, படிக்கும் நாளிலா, மேடையேறும் நாளிலா? முன்பு நடித்தபோதும் வந்தான். இன்று நடித்தால் இன்றும் வருகின்றான். நாளை நடித்தால் நாளையும் வருவான். முக்காலத்தும் ஒத்து நிகழும் பொருளை நிகழ்காலத்தால் கூறுவர் என்று பவணந்தியார் தனியே ஒரு விதி வகுத்துள்ளார். 'மலை நிற்கிறது, ஆறு ஓடுகிறது' என்பன அவ்விதியின்பால் அடங்குவன. நாடகக் குறிப்பினையும் அவற்றோடு சேர்த்து எண்ணலாம். அதனை 'அரசன் வந்தான்' என்று மாற்றிவிட்டால் அது செய்தியாகிவிடும். நடிகன் தான் மேடைக்கு வரவேண்டும் என்பதனை அதிலிருந்து எங்ஙனம் அறிவான்?

ஆகவே ஒரு நிகழ்காலச் சொல்லைக் கண்டவுடன் சரியென்றோ பிழையென்றோ கூறிவிடலாகாது. அதனை இறந்தகாலமாக மாற்றிப் பார்த்தல் வேண்டும். மாற்றியபின்னும் செய்தி மாறாது நின்றால், அது சென்றதனை நிகழ்வதாகக் கூறிய நிகழ்காலம். செய்தியே கெட்டுப்போகுமாயின், அது தனக்கு உரிய இடத்தில் நின்ற நிகழ்காலம்.

திண்டுக்கல் மலைக்கோட்டையைக் குறித்து மாணவன் ஒருவன் பின்வருமாறு கட்டுரை எழுதினான் என்று கொண்டு இச்சோதனையைச் செய்து காண்க.

"சென்ற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மலைக்கோட்டைக்குச் சென்றோம். கோட்டை ஒரே பாறைக் குன்றின்மேல் நிற்கிறது. பாதி ஏறியபொழுது திடீரெனக் காற்று வீசுகிறது. தம்பியின் தொப்பி பறக்கிறது. அவன் அதனைத் துரத்தி ஓடுகிறான். அப்பா பாய்ந்து அவன் கையைப் பற்றுகிறார். தொப்பி பாறைக்கு அப்பால் மறைந்தது. மாலையில் நாங்கள் வீடு திரும்புகிறோம்."

இதில் நிகழ்கால முற்றுக்கள் ஆறு. 'சென்ற ஞாயிற்றுக்கிழமை' என்று தொடங்கியமையால் ஆறினையும் பிழையெனச் சுழித்து, பிழை ஒன்றுக்கு அரை மதிப்பெண்ணாக மூன்று மதிப்பெண் குறைப்பவர் இருக்கலாம். அது முறையன்று. 'நிற்கிறது' என்பதனை 'நின்றது' என்று திருத்தினால், கோட்டை இப்பொழுது அங்கு இல்லை என்று பொருள்படும். திருத்தமே பிழையாய் முடியும். 'வீசுகிறது' முதலாக உள்ள நான்கினை 'வீசியது, பறந்தது, ஓடினான், பற்றினார்' என மாற்றினாலும் செய்தி மாறவில்லை. எனவே இவை கதை நிகழ்காலம். காலம் முன்னரே தெரிவிக்கப்பட்டுவிட்டது. காற்று வீசிய நொடியில் நிகழ்காலம் தொடங்கிற்று. தம்பி பிழைத்தவுடன் 'மறைந்தது' என்பதனோடு முடிந்தது. இடையில் தடுமாற்றம் இல்லை. ஆகையால் நான்கும் ஏற்கத்தக்கனவே.

எஞ்சியது 'திரும்புகிறோம்' ஒன்று. இதனையும் 'திரும்பினோம்' எனப் பொருள் கெடாது மாற்றலாம். எனின் இதனையும் ஏற்கலாகாதோ? ஆகாது. காட்சி முடிந்து, கட்டுரை இறந்தகாலத்திற்கு மீண்டுவிட்டது. மாலையில் வீடு திரும்பியது கண்முன் நிறுத்திக் காட்டவேண்டிய செயலும் அன்று. காரணமின்றி வந்தமையால் அது வழுவே. குறைக்கத்தக்கது அரை மதிப்பெண் மட்டுமே.

தனித் தொடராகத் தரப்படும் பயிற்சிகளில் இவ்வளவு இடம் இல்லை. 'நேற்று மாமா வருகிறார்' என்பதனைப் பிழை நீக்கி எழுதுக என்றால் 'வந்தார்' என்றே திருத்தவேண்டும். பேச்சில், 'நேற்றுச் சந்தைக்குப் போகிறேன், அங்கே ஒருவன் நிற்கிறான்' எனத் தொடங்கிக் கதை கூறுவாரும் உளர். அங்கே பின்வரும் கதை அந்நிகழ்காலத்தைத் தாங்கி நிற்கிறது; தனித் தொடருக்கு அத்தாங்கல் இல்லை. 'மறுநாள், அப்பொழுது, உடனே' என்னும் சொற்கள் கதைக்குள்ளேயே காலத்தைச் சுட்டுதலின், அவற்றோடு நிகழ்காலம் எளிதாகப் பொருந்தும். 'நேற்று' என்பதோ கூறுபவர் நிற்கும் நாளிலிருந்து எண்ணப்படுவது. ஆதலின் எழுத்தில் நிகழ்காலத்தோடு மோதுகின்றது. 'நாளை மாமா வருகிறார்' என்பதனைத் திருத்த வேண்டுவதில்லை. வருகை உறுதி என்னும் தெளிவு பற்றி அஃது அமைந்தது. விடுப்பு விண்ணப்பத்தில், 'நேற்று எனக்குக் காய்ச்சல் வருகிறது. ஆதலால் பள்ளிக்கு வரவில்லை' என்று ஒருவன் எழுதினால், தலைமையாசிரியர் அவனுக்கு நேற்றைக்கு விடுப்பு அளிப்பாரா, இன்றைக்கு அளிப்பாரா?