யார் இந்த ESP_3F91C2?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நம்ம கிளாஸ் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். "மச்சான், எங்க வைஃபையை எவனோ திருடுறான்டா. லிஸ்ட்ல தெரியாத பேரு ஒண்ணு இருக்கு. பக்கத்து வீட்டுப் பையன்தான்னு நினைக்கிறேன். கேட்டுடவா?"

அவன் வீடு ஊரூர் ஒல்காட் குப்பத்தில். எலியட்ஸ் பீச்சிலிருந்து வடக்கே, அடையாறு கடலில் கலக்கும் பக்கமாக நடந்தால் வரும் மீனவர் ஊர். அவன் சந்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டித்தான் இருக்கும். காலையில் எழுந்தால் முதலில் பார்ப்பது பக்கத்து வீட்டு முகத்தைத்தான். அங்கே போய் "நீ திருடினாயா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் இல்லை என்று தெரிந்தால், அதைச் சரி செய்ய எந்த கமாண்டும் கிடையாது. "ஒண்ணும் கேட்காத, வரேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்போடு போனேன்.

ரூட்டர் பக்கத்தைத் திறந்தோம். `192.168.1.1`, அப்புறம் `DHCP Client List`. (சில ரூட்டரில் `Connected Devices` என்று இருக்கும்.) மொத்தம் ஏழு வரி. ஐந்தை அவனே அடையாளம் சொல்லிவிட்டான். மீதி இரண்டு இவை. தனியுரிமைக்காக முகவரிகளின் பின்பாதியை மாற்றியிருக்கிறேன்.

```
ESP_3F91C2   192.168.1.7    5C:CF:7F:3F:91:C2
(blank)      192.168.1.11   DA:41:0E:77:B3:58
```

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். இடது பக்கம் இருக்கும் ஹோஸ்ட்நேமை ரூட்டர் வைக்கவில்லை. ஒரு சாதனம் உள்ளே வந்து ஐபி முகவரி கேட்கும்போது, அந்த டிஹெச்சிபி கோரிக்கையோடு "என் பேர் இது" என்று அதுவே சொல்லிக்கொள்ளலாம். ரூட்டர் அதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளும், சரிபார்க்காது. சொல்லாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும். அதனால் ஹோஸ்ட்நேம் ஒரு துப்பு மட்டும்தான், ஆதார் கார்டு கிடையாது.

வலது பக்கம் இருப்பது மேக் அட்ரஸ். மொத்தம் 48 பிட், 16 அடிமான எண்களில் 12 இலக்கம். முதல் ஆறு இலக்கம் (24 பிட்) தயாரிப்பாளருக்கு ஐஇஇஇ அமைப்பு ஒதுக்கிக் கொடுக்கும் முன்னொட்டு. மீதி 24 பிட்டை அந்த நிறுவனமே வரிசையாகப் போட்டுக்கொள்ளும்; ஒரு முன்னொட்டுக்கு 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் முகவரிகள் கிடைக்கும். (ஈத்தர்நெட்டின் ஆரம்ப நாட்களில் இந்த ஒதுக்கீட்டை ஜெராக்ஸ் நிறுவனமே பார்த்துக்கொண்டது. அப்புறம்தான் ஐஇஇஇக்கு வந்தது.) யாருக்கு எந்த முன்னொட்டு என்ற பட்டியல் எல்லோரும் பார்க்கலாம். எதையாவது ஒரு வெப்சைட்டில் முழு முகவரியையும் ஒட்ட வேண்டியதில்லை. லினக்ஸில் என்மேப் போட்டிருந்தால் பட்டியல் ஏற்கெனவே உங்கள் மெஷினிலேயே இருக்கிறது:

```
grep -i '^5CCF7F' /usr/share/nmap/nmap-mac-prefixes
```

வந்த பேர் எஸ்பிரெஸிஃப். நண்பன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அப்படி ஒரு போன் கம்பெனியா?" என்றான். மூன்றாவது செமஸ்டர் மினி புராஜெக்ட்டில் நோட்எம்சியூ போர்டை வைத்துத்தான் மார்க் வாங்கினான் என்பதை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. அந்த போர்டில் இருக்கும் இஎஸ்பி8266 சிப்பைச் செய்யும் ஷாங்காய் நிறுவனம்தான் அது.

இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். முன்னொட்டு சொல்வது வைஃபை சிப்பை அல்லது மாட்யூலைச் செய்தவர் பேரை. மேலே ஒட்டியிருக்கும் பிராண்டை அது சொல்ல வேண்டும் என்று இல்லை. அவன் லேப்டாப்பையே தேடிப் பார்த்தோம், லேப்டாப் கம்பெனி பேர் வரவில்லை. உள்ளே இருக்கும் வைஃபை கார்டைச் செய்த லைட்ஆன் பேர் வந்தது. அதே மாதிரி, எஸ்பிரெஸிஃப் என்று வந்தால் அது பல்பாக இருக்கலாம், பிளக்காக இருக்கலாம், யாரோ பிரெட்போர்டில் சொருகிய சென்சாராகவும் இருக்கலாம். போனோ லேப்டாப்போ இல்லை என்ற அளவுக்குத்தான் நம்பலாம்.

இப்போது பேரையும் முகவரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேரில் இருக்கும் `3F91C2`தான் முகவரியின் கடைசி ஆறு இலக்கம். இஎஸ்பி8266க்கு நீங்கள் பேர் எதுவும் வைக்காவிட்டால் அது `ESP_` என்று போட்டு, தன் முகவரியின் வாலை ஒட்டிக்கொள்ளும். எனவே இரண்டும் பொருந்துவது இரண்டு தனித்தனி சாட்சிகள் ஒத்துப்போவது போல ஆகாது. ஒரே சாட்சி இரண்டு முறை பேசுகிறது. ஆனால் ஒன்று தெரிகிறது, பேரை யாரும் மாற்றவில்லை, வாங்கிய நிலையிலேயே ஓடுகிறது. வேஷம் போட வந்தவன் இப்படி வர மாட்டான். இன்னொரு சோதனையும் உண்டு. இஎஸ்பி8266 வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும். ரூட்டரில் இந்த வரி 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருந்திருந்தால் கதையே வேறு. 2.4 பக்கம்தான் இருந்தது.

சரி, சாமான் என்னவென்று ஓரளவு தெரிந்துவிட்டது. அது யார் வீட்டில் இருக்கிறது? நண்பன் ரூட்டர் காட்டிய சிக்னல் அளவைப் பிடித்துக்கொண்டான், மைனஸ் 58 டிபிஎம். "கிட்டத்துலதான் இருக்கு பாரு." கிட்டத்தில் என்பது சரிதான். ஆனால் இந்தச் சந்தில் பக்கத்து வீட்டு ஹாலும் கிட்டத்தில்தான். ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் இதே எண் வரும். ஒட்டு வீடுகளில் சிக்னலை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

அவன் கை `Block` பட்டனுக்குப் போனது. நான்தான் தடுத்தேன். தடை செய்தால் அந்த வரி போய்விடும், அது எது என்கிற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். அதற்குப் பதில் பிங் போட்டுவிட்டு, வீட்டு ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம்.

```
ping 192.168.1.7
```

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். ரூட்டர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே ஸ்விட்சை அணைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஒரு சாதனம் போன பிறகும், அதற்குக் கொடுத்த ஐபி குத்தகை முடியும்வரை அந்த வரி பட்டியலில் நிற்கலாம். பல வீட்டு ரூட்டர்களில் அது 86400 விநாடி, அதாவது ஒரு முழு நாள். பிங் பதில் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ரூட்டருக்குப் போகும் ஸ்விட்சை மறந்தும் அணைக்காதீர்கள், நாங்கள் ஒரு முறை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம்.

முன் அறை, மாற்றமில்லை. மேல் அறை, மாற்றமில்லை. சமையலறையில் ஃப்ரீசர் ஸ்விட்சில் கை வைத்ததும் அவன் அம்மா ஓடி வந்தார். "அதுல கை வைக்காத கண்ணு, நாளைக்கு விக்க வேண்டிய இறால் இருக்கு." ஒரு நிமிஷம்தான் அம்மா என்று கெஞ்சி அணைத்தோம். பிங் நின்றது. போட்டோம், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. தற்செயலாக இருக்கக் கூடாதே என்று இன்னொரு முறையும் செய்தோம், அதேதான். ஃப்ரீசரை இழுத்துப் பார்த்தால் பின்னால் சுவரில் ஒரு வெள்ளை வைஃபை பிளக். ஃப்ரீசர் எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று பார்க்க அண்ணன் வாங்கி மாட்டியது. அவர் கடலுக்குப் போயிருந்தார், போனில் சிக்னல் இல்லை. இருந்திருந்தால் ஒரே கேள்வியில் முடிந்திருக்கும்.

"சரி, அப்ப அந்தக் காலி வரிதான் அவன்," என்றான் நண்பன். சந்தேகம் அவ்வளவு லேசில் இறங்காது.

`DA410E` என்று தேடினோம், பட்டியலில் எதுவும் வரவில்லை. வராது. முதல் இரண்டு இலக்கத்தைப் பைனரியில் எழுதிப் பாருங்கள்:

```
DA = 1101 1010
5C = 0101 1100
```

வலது ஓரத்திலிருந்து இரண்டாவது பிட் 1 என்றால், அந்த முகவரி ஐஇஇஇ ஒதுக்கியது அல்ல, சாதனமோ மென்பொருளோ தானே வைத்துக்கொண்டது. 0 என்றால் ஒதுக்கப்பட்டது. பைனரி எழுதச் சோம்பலாக இருந்தால், முகவரியின் இரண்டாவது இலக்கத்தை மட்டும் பாருங்கள். அது 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் முன்னொட்டைத் தேடுவது வீண் வேலை. இந்தக் காலத்தில் வீட்டு ரூட்டரில் இப்படி வருவது பெரும்பாலும் போன்தான். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி, ஒவ்வொரு வைஃபை பேருக்கும் ஒரு போலி முகவரியைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. நீங்கள் போகும் ஒவ்வொரு மாலும் காபி ஷாப்பும் உங்கள் போனை ஒரே முகவரியால் பின்தொடரக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது.

கவனியுங்கள், ஒவ்வொரு வைஃபை பேருக்கும் ஒன்று. அவன் ரூட்டரில் 2.4க்கு ஒரு பேர், 5க்கு ஒரு பேர் என்று இரண்டு இருந்தன. ஒரே போன் இரண்டிலும் மாறி மாறிச் சேர்ந்தால் பட்டியலில் இரண்டு ஆளாகத் தெரியும்.

இதற்கு வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு போனிலும் வைஃபை செட்டிங்கைத் திறந்து, இப்போது அது காட்டும் முகவரியைப் படிக்க வேண்டியதுதான். அவன் போன், இல்லை. தங்கச்சி போன், இல்லை. மூன்றாவதாக அம்மா போனை வாங்கினோம். 5 கிகாஹெர்ட்ஸ் பேரில் சேர்ந்திருந்தது, `DA:41:0E` என்று ஆரம்பித்தது, கடைசி இலக்கம்வரை அதேதான். 2.4 பேரில் இருந்தபோது பதிவான வரியைத்தான் அவன் "இது அம்மா போன்" என்று முதலிலேயே டிக் அடித்திருந்தான்.

அம்மா கேட்டார்: "யாரைடா தேடுறீங்க ரெண்டு பேரும்?"

அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தெரிந்தே ஒளிந்துகொள்கிறவனை இந்த முறை பிடிக்காது. ஹோஸ்ட்நேமை `ESP_` என்று வைத்துக்கொள்ளலாம், மேக் அட்ரஸையும் ஒரு கமாண்டில் மாற்றலாம். எல்லாம் பார்த்த பிறகும் ஒரு வரி மிஞ்சினால், பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். வீட்டில் எல்லாமே வெளியே விழும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது "என்னோடது வேலை செய்யல" என்று யாராவது கத்தினால் அந்த வரியின் சொந்தக்காரர் அவர். இப்படிச் செய்வதாக இருந்தால் ஃப்ரீசர் பிளக்கையும் புதிதாகச் சேர்க்க வேண்டும், அந்த ஆப் அண்ணன் போனில் இருக்கிறது.

கிளம்பும்போது நண்பன் ரூட்டர் பக்கத்தில் இரண்டு வரிக்கும் பேர் எழுதி வைத்தான்: `Freezer plug`, `Amma 5G`. வாசலில் பக்கத்து வீட்டுப் பையன் கேரம் போர்டோடு நின்றிருந்தான். "அண்ணா, நாலாவது ஆள் வேணும், வரீங்களா?"