நின்றுபோன வாடிக்கையாளரை நோட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம்

குறிஞ்சிப்பாடி கடைத்தெருவில் உங்களுக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை இருக்குன்னு வச்சுக்குவோம். கைத்தறிக் கைலி, வேட்டி, சேலை, பள்ளிச் சீருடைத் துணி, இவைதான் சரக்கு. தேதி 2025 செப்டம்பர் 30. தீபாவளிக்கு இன்னும் 20 நாள்தான். எல்லா வாடிக்கையாளருக்கும் போன் போட நேரம் இல்லை. யாரை முதலில் கூப்பிடுவீங்க?

கணக்கு நோட்டைப் புரட்டினால், பெரிய தொகைக்கு வாங்கியவர்தான் முதலில் கண்ணில் படுவார். ஆனால், மாதாமாதம் வந்துகொண்டிருந்து, சத்தமில்லாமல் நின்றுபோனவர் கண்ணில் படவே மாட்டார். வந்தவர் பெயரைத்தானே நோட்டில் எழுதுகிறோம்? வராதவர் பெயரை யாரும் எழுதுவதில்லை. அவரைக் கண்டுபிடிக்க உதவும் எளிய கணக்குதான் ஆர்.எஃப்.எம். அமெரிக்காவில் அஞ்சல் வழியாகப் பொருள் விற்ற நிறுவனங்கள், விலைப்பட்டியலை யாருக்கு அனுப்பினால் தபால் செலவு வீணாகாது என்று பார்க்கப் பயன்படுத்திய முறை இது.

மூன்று கேள்விகள்தான் இதில் உண்டு. கடைசியாக வந்து எத்தனை நாள் ஆச்சு? இது ஆர். ஒரு வருடத்தில் எத்தனை முறை வந்தார்? இது எஃப். மொத்தம் எவ்வளவுக்கு வாங்கினார்? இது எம்.

அட்டவணை போடுவோம்

கணக்குப் பழகுவதற்காக ஒன்பது பேர் கொண்ட ஒரு கற்பனைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். காலம், 2024 அக்டோபர் 1 முதல் 2025 செப்டம்பர் 30 வரை, ஒரு முழு வருடம். ஜவுளிக்கு ஒரு வருடமாவது எடுக்க வேண்டும். அப்போதுதான் தீபாவளி, பொங்கல், பள்ளி திறப்பு எல்லாம் ஒருமுறை உள்ளே வரும்.

| வாடிக்கையாளர் | கடைசியாக வந்து (நாள்) | எத்தனை முறை | தொகை (ரூ.) | மதிப்பெண் |
|---|---|---|---|---|
| பள்ளி ஆசிரியை | 12 | 9 | 14,200 | 3-3-3 |
| டீக்கடை அண்ணன் | 8 | 7 | 3,150 | 3-3-1 |
| கல்லூரி மாணவர் | 5 | 1 | 850 | 3-1-1 |
| தையல்கார அக்கா | 20 | 5 | 2,400 | 2-2-1 |
| நெய்வேலி ஊழியர் | 35 | 4 | 7,600 | 2-2-2 |
| விவசாயி ஐயா | 60 | 3 | 4,900 | 2-2-2 |
| கல்யாண வீட்டுக்காரர் | 130 | 1 | 28,000 | 1-1-3 |
| வடலூர் அம்மா | 160 | 8 | 16,800 | 1-3-3 |
| தீபாவளிக்கு மட்டும் வருபவர் | 335 | 1 | 6,500 | 1-1-2 |

மதிப்பெண் போடுவது சுலபம். முதலில் நாள் கணக்கில் வரிசைப்படுத்துங்க. அண்மையில் வந்த மூன்று பேருக்கு 3, அடுத்த மூன்று பேருக்கு 2, மீதிப் பேருக்கு 1. பிறகு எத்தனை முறை வந்தார் என்பதிலும், தொகையிலும் அதிகம் உள்ளவர் மேலே வருகிற மாதிரி இதையே செய்யுங்க. உங்களிடம் 90 பேர் இருந்தால் முப்பது முப்பது பேராகப் பிரிச்சாப் போதும்.

விற்பனையை செல்போனில் கூகுள் ஷீட்ஸில் எழுதி வைப்பவர்களுக்கு வேலை இன்னும் குறைவு. A-யில் தேதி, B-யில் பெயர், C-யில் தொகை இருந்து, F2-இல் வாடிக்கையாளர் பெயரை எழுதினால், மூன்று விடைகளையும் இந்த வரிகள் தரும்:

```
=DATE(2025,9,30)-MAXIFS(A:A,B:B,F2)
=COUNTIFS(B:B,F2)
=SUMIFS(C:C,B:B,F2)
```

முதல் விடை தேதி மாதிரி தெரிந்தால், அந்தக் கட்டத்தின் வடிவத்தை எண் என்று மாற்றுங்க. இரண்டாவது வரி பில்களைத்தான் எண்ணும். ஒரே நாளில் ஒருவருக்கு இரண்டு பில் போட்டிருந்தால் அதை ஒன்றாக்கிவிடணும். இல்லாவிட்டால் இரண்டு முறை வந்ததாகக் காட்டும்.

மூன்றையும் கூட்டிவிடாதீங்க

பலரும் செய்கிற தவறு, மூன்று எண்ணையும் கூட்டி ஒரே எண்ணாக்குவது. கல்லூரி மாணவர், தையல்கார அக்கா, கல்யாண வீட்டுக்காரர் மூவருக்குமே கூட்டுத்தொகை 5. ஆனால் ஒருவர் இப்போதுதான் கடைக்கு வந்த புதியவர். ஒருவர் சின்னச் சின்னதாகத் தொடர்ந்து வாங்குபவர். ஒருவர் ஒரே ஒரு கல்யாணத்துக்கு மொத்தமாக எடுத்துப் போனவர். மூவரிடமும் ஒரே பேச்சைப் பேச முடியுமா? அதனால்தான் எண்களைத் தனித்தனியாகவே படிக்கணும்.

இப்போது வடலூர் அம்மாவின் வரியைப் பாருங்க. 1-3-3. அடிக்கடி வந்தவர், நல்ல தொகைக்கு வாங்கியவர், இப்போது வருவதில்லை. கடைசியாக வந்தது ஏப்ரல் 23. அதற்கு முந்தைய 205 நாளில் 8 முறை, அதாவது சுமார் 26 நாளுக்கு ஒருமுறை வந்திருக்கிறார். இப்போது 160 நாளாக ஆளைக் காணோம்.

தீபாவளிக்கு மட்டும் வருபவருக்கும் ஆர் மதிப்பெண் 1-தான். 335 நாளாச்சு. ஆனால் அவர் வழக்கமே வருடத்துக்கு ஒருமுறை. அவர் தாமதமாகவில்லை, அவருடைய நேரம் இனிமேல்தான் வருகிறது. ஆகவே, ஆர் 1 என்று வந்தவுடன் நின்றுவிட்டார் என்று முடிவு கட்டாதீங்க. அவரவருடைய வழக்கமான இடைவெளியோடு ஒப்பிட்டுப் பாருங்க. இடைவெளியைப் போல இரண்டு மடங்கு தாண்டிவிட்டால் விசாரிக்க வேண்டிய நேரம்.

கணக்கு எங்கே ஏமாற்றும்?

முதலாவது, பெயர்க் குழப்பம். அம்மா துணி எடுப்பார், மகன் போனிலிருந்து யு.பி.ஐ.யில் பணம் வரும். பணம் வந்த பெயரை மட்டும் வைத்து எழுதினால், அம்மா நின்றுவிட்டதாகவும் மகன் புதிதாக வந்ததாகவும் தெரியும். ஒரு வீட்டுக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளுங்க. ரொக்க விற்பனையையும் விடாமல் எழுதுங்க.

இரண்டாவது, கடன். பாக்கி இருப்பதால் கடைப் பக்கமே வராமல் சுற்றிப் போகிறவர்கள் உண்டு. தொகைக் கட்டத்தில் முழு விற்பனையை எழுதி, பாக்கிக்கு இன்னொரு கட்டம் வைங்க. வடலூர் அம்மாவுக்கு பாக்கி இருந்தால், தள்ளுபடி என்று கூப்பிட்டுப் பயனில்லை. "பாக்கியை மெதுவாப் பாத்துக்கலாம்மா, தீபாவளிக்கு வாங்க" என்பதுதான் அங்கே சரியான பேச்சு.

மூன்றாவது, மதிப்பெண் வெறும் ஒப்பீடுதான். கடைக்கு எல்லாருமே வருவதைக் குறைத்துவிட்டாலும், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு 3 கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் மதிப்பெண்ணோடு அசல் நாள் கணக்கையும் பாருங்க.

இனி யாருக்குப் போன்?

முதல் போன் வடலூர் அம்மாவுக்கு. "ரொம்ப நாளாக் காணோமேம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று கேளுங்க, விற்பனைப் பேச்சு பிறகு. இரண்டாவது தீபாவளிக்காரருக்கு, புது சரக்கு வந்ததைச் சொல்ல. ஆசிரியைக்குத் தள்ளுபடி தேவையில்லை, அவர் எப்படியும் வருவார். அவர் விரும்பும் ரகத்தை எடுத்து வைத்தாலே போதும். கல்யாண வீட்டுக்காரரை அடுத்த விசேஷம் வரும்வரை தொந்தரவு செய்ய வேண்டாம். போன் எண் வாங்கும்போதே, "சரக்கு வந்தா கூப்பிடலாமா?" என்று சம்மதம் கேட்டு வாங்குங்க.

இந்த அட்டவணையை மாதக் கடைசியில் ஒருமுறை போடுங்க. ஜூன் 30-லேயே போட்டிருந்தால், வடலூர் அம்மா வந்து 68 நாள் ஆகிவிட்டது அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர் வேறு கடைக்குப் பழகுவதற்கு முன்பே நீங்க பேசியிருக்கலாம்.