ஐப்பசி ஈரமும் ஆசனவாய் அரிப்பும்: இப்போது செய்ய வேண்டியவை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வாழப்பாடிப் பக்கம் உள்ளாடை ஒரு நாளில் காய்வதில்லை. அரை ஈரத்தோடு அதையே உடுத்திக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து பாக்கு உரிப்பவருக்கு ஆசனவாயில் அரிப்பு வருவதில் வியப்பில்லை. அரித்தால் அழுக்கு என்று எண்ணிச் சோப்பு போட்டுத் தேய்க்கிறோம். கிருமிநாசினி கலந்த தண்ணீரில் கழுவுவோரும் உண்டு. சிக்கல் பெரிதாவது அங்கேதான். தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை கொண்டது, சோப்புக்கட்டியோ காரம். ஈரத்தில் ஊறிய தோலிலிருந்து எண்ணெய்ப்பசையையும் அது எடுத்துவிட, தோல் எரிந்து அரிக்கிறது. சொறிந்தால் புண்ணாகி இன்னும் அரிக்கிறது. ஆகவே இப்போது குறைக்க வேண்டியது தேய்ப்பதை, கூட்ட வேண்டியது உலர்த்துவதை.

சோப்பில்லாமல் சுத்தமாகுமா என்று கேட்பார்கள். அந்த இடத்துக்கு வெறும் தண்ணீர் போதும். சோப்பு கைக்குத்தான் வேண்டும். மலம் கழித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாகக் கழுவி, பழைய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நன்றாக உலர்ந்த பின் துத்தநாகக் களிம்போ வாசலினோ மெல்லிய பூச்சாகப் போடலாம். பருத்தி உள்ளாடையே நல்லது. வெயில் இல்லாத நாளில் அதை மின்விசிறிக் காற்றிலாவது முழுக்கக் காயவையுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அரிப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் சுகம் தெரியும், வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும்.

குழந்தை இரவில் மட்டும் சொறிந்து தூக்கம் கெட்டால் கதை வேறு. பெண் கீரிப்பூச்சி இரவில்தான் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். ஆகஸ்டில் பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுத்தார்களே என்பது நியாயமான கேள்வி. அல்பெண்டசோல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. படுக்கையிலும் நகக்கண்ணிலும் இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்கும் முட்டை, கைவழியே மறுபடி வாய்க்குப் போகிறது. அதனால் மருத்துவரைக் கேட்டு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மாத்திரை சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. மாத்திரை சாப்பிட்ட மறுநாள் காலை படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டி வெந்நீரில் துவையுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், காலையில் எழுந்ததும் குழந்தையைக் கழுவிவிடுங்கள். சந்தேகமிருந்தால் விடிகாலையில், கழுவும் முன், ஒட்டும் செலோடேப்பை அங்கே ஒற்றியெடுத்து அரசு மருத்துவமனையில் காட்டலாம்.

இவ்வளவு செய்தும் மூன்று வாரத்தில் அடங்காவிட்டாலும், ரத்தமோ சீழோ கட்டியோ தென்பட்டாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். அவர்களுக்குப் பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு மருந்தே வேறு.